டிபிஎம் 1.2-ஆ, 2.0-ஆ? எந்த ஹாஷில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் சரக்கு அனுப்பும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு நான்தான் கணினி வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததை ஒட்டி, அங்கிருந்த மூன்று மடிக்கணினிகளையும் மேசையில் வரிசையாக வைத்துச் சோதித்தேன். ஒன்று 2014-இல் வாங்கியது, அடுத்தது 2018, கடைசி 2022. முதலாவதை மாற்றிவிடலாம் என்றதும் நிறுவனத்தை நடத்தும் அக்கா கேட்டார்: “தம்பி, மூணுலயும் டிபிஎம் சிப் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு இத மட்டும் தூக்கிப் போடச் சொல்றீங்க?”

நியாயமான கேள்வி. அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டிபிஎம் என்பது கணினிக்குள் ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப். அது செய்யும் வேலைகளில் இந்தக் கேள்விக்கு முக்கியமானது ஒன்றுதான். கணினி எழும்போது பயாஸ், பூட்லோடர் என்று ஓடப்போகும் ஒவ்வொரு துண்டையும் அதற்கு முந்தைய துண்டு ஹாஷ் எடுத்து, அதாவது கைரேகை போன்ற ஒரு எண்ணாகச் சுருக்கி, சிப்பிடம் கொடுக்கிறது. சிப்புக்குள் பிசிஆர் என்னும் பதிவேடுகள் 24 இருக்கின்றன. அவற்றில் நினைத்ததை எழுதிவிட முடியாது, நீட்டிக்க மட்டுமே முடியும்:

```
PCR_new = Hash(PCR_old || digest)
```

பழைய மதிப்போடு புதிய ஹாஷை ஒட்டி, அந்த இரண்டையும் சேர்த்து மறுபடி ஹாஷ் எடுப்பார்கள். வழியில் ஒரு துண்டு மாறியிருந்தாலும் கடைசி மதிப்பு வேறாகிவிடும். மதிப்பு பொருந்தினால்தான் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் சாவியைச் சிப் விடுவிக்கும். ஆக, இந்த ஏற்பாடு முழுவதும் ஹாஷின் வலிமையையே நம்பி நிற்கிறது.

1.2-க்கும் 2.0-க்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். 2003-இல் வந்த 1.2 விவரக்குறிப்பில் ஹாஷ் என்றாலே ஷா-1 என்னும் பழைய முறைதான். ஹாஷ் மதிப்புக்கான இடம் 20 பைட் என்று கட்டளைகளின் அமைப்பிலேயே நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. பிசிஆர் 20 பைட், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கணக்கு ஷா-1, “இந்தக் கணினி இப்படித்தான் எழுந்தது” என்று சிப் கையெழுத்திட்டுத் தரும் சான்றும் ஷா-1. அதைவிட வலிமையான ஷா-256-க்கு 32 பைட் வேண்டும், அதை வைக்க இடமே கிடையாது. பழைய சிப்பை 1.2-ஆகவே வைத்துக்கொண்டு ஒரு அப்டேட்டில் சரிசெய்ய முடியாததற்குக் காரணம் இதுதான். சில மாடல்களில் அதே சிப்பில் 2.0 ஃபர்ம்வேரை ஏற்ற வழி கொடுத்தார்கள். அப்படி ஏற்றினால் சிப் வேறு மொழி பேச ஆரம்பித்துவிடும், உள்ளே இருந்த சாவிகளும் போய்விடும்.

2014-இல் அறிவிக்கப்பட்ட 2.0-இல் ஒவ்வொரு ஹாஷ் மதிப்போடும் அது எந்த வகை என்ற எண் கூடவே வரும். ஷா-1-க்கு 0x0004, ஷா-256-க்கு 0x000B. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி பிசிஆர் தொகுப்பு உண்டு, அதை பேங்க் என்பார்கள். நாளை ஷா-256-க்கே ஏதாவது ஆனாலும் விவரக்குறிப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, வேறொரு பேங்கைச் சேர்த்தால் போதும்.

ஷா-1-க்கு அப்படி என்னதான் ஆனது? 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யுஐ ஆய்வகமும் கூகுளும் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. அதைவிடக் கனமான அடி 2020 ஜனவரியில் விழுந்தது, அதில் பாதி இந்த ஊரிலிருந்தே போனது. நம்முடைய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பெய்ரினும் பிரான்சின் கெய்டன் லூரானும் சேர்ந்து, மின்னஞ்சலில் கையெழுத்திட உதவும் பிஜிபி சாவிகளில், வெவ்வேறு பெயர்களுக்கான இரண்டு ஒரே ஷா-1-இல் வந்து நிற்கும்படி செய்து காட்டினார்கள். 2017-இல் கோப்புகளின் முன்பகுதி ஒன்றாகவே இருந்தாக வேண்டும். 2020-இல் இரண்டு முன்பகுதிகளையும் தாக்குபவரே விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம். சாதாரண கேமிங் கிராபிக்ஸ் கார்டுகள் 900, இரண்டு மாத ஓட்டம், அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நான் பராமரிக்கும் கணினிகளை நினைத்துக் கவலையாகவும் இருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அக்காவின் பழைய மடிக்கணினியை யாரோ எம்ஆர்டியில் திருடிவிட்டால், இந்தத் தாக்குதலால் அந்தத் திருடனுக்குப் பயனில்லை. இரண்டு கோப்புகளையும் தானே உருவாக்குபவருக்குத்தான் இது உதவும். ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல பூட்லோடரின் ஷா-1-க்குப் பொருந்தும்படி இன்னொன்றைச் செய்வது வேறு கணக்கு, அதை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. திருடனுக்கு எளிய வழி வேறு: சிப் தனியாகப் பலகையில் இருந்தால், அதிலிருந்து சாவி செல்லும் கம்பியில் காது வைத்துக் கேட்பது. அது 1.2, 2.0 இரண்டிலும் நடக்கும். பின் எண் வைத்திருந்தால் அந்த வழி அடைபடும். ஆபத்து எங்கே என்றால், நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என இரண்டு மென்பொருளை ஒரே ஹாஷோடு தயாரிக்கக்கூடியவரிடம். நல்லதைச் சோதனைக்குக் கொடுத்து நம்பிக்கை வாங்கிவிட்டு, பிறகு கெட்டதை இறக்கினாலும் பிசிஆருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், ஷா-1-ஐ 2030 டிசம்பர் 31-க்குள் முழுவதுமாகக் கைவிடச் சொல்லியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2016 ஜூலை முதலே புதிய கணினிகளில் 2.0 வேண்டும் என்றது, விண்டோஸ் 11-க்கு அதையே கட்டாயமாக்கியது. லினக்ஸிலும் systemd-cryptenroll போன்ற கருவிகள் 2.0-ஐ மட்டுமே ஏற்கின்றன.

இப்போது மேசைக்கு வருவோம். பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து இதைக் கொடுத்தேன்:

```
Get-CimInstance -Namespace root/cimv2/Security/MicrosoftTpm -ClassName Win32_Tpm | Select SpecVersion
```

2014 மடிக்கணினி “1.2, 2, 3” என்றது. மற்ற இரண்டும் “2.0, 0, 1.38” என்றன. இதில் பலர் தடுமாறுவார்கள், கடைசியில் வரும் 1.38-ஐப் பார்த்துப் பழைய சிப் என்று நினைத்துவிடுவார்கள். முதல் எண்தான் பதிப்பு. 1.38 என்பது 2.0-க்குள் வந்த திருத்த எண்.

2018-உம் 2022-உம் ஒரே பதில் தந்ததால் பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அடுத்த கட்டளையையும் கொடுத்தேன்:

```
reg query HKLM\SYSTEM\CurrentControlSet\Control\IntegrityServices /v TPMDigestAlgID
```

2022 மடிக்கணினியில் 0xb, அதாவது ஷா-256. 2018-இல் 0x4. சிப் 2.0தான், ஆனால் பயாஸில் ஷா-256 அமைப்பு அணைந்திருந்ததால் அது இத்தனை வருடமும் ஷா-1-இல்தான் அளந்துகொண்டிருந்தது. அளவீட்டைப் பொறுத்தவரை அது 1.2 சிப்பைவிட ஒரு படிகூட மேலே இல்லை. வெளியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இது தெரியாது. விண்டோஸ் 11 நிறுவும்போதும் தடுக்காது, ஏனென்றால் அது பதிப்பைத்தான் கேட்கிறது.

இதிலும் மோசமான ஒரு நிலை உண்டு: ஷா-256 பேங்க் திறந்திருக்கும், ஆனால் பயாஸ் அதில் எதையும் எழுதாது. பேங்க் முழுதும் பூஜ்யமாகக் கிடந்தால், பின்னால் வரும் யாரும் தங்களுக்கு வேண்டிய பொய் அளவீடுகளை வரிசையாக நீட்டித்து, “நான் சுத்தமாகத்தான் எழுந்தேன்” என்று சான்று வாங்கிவிடலாம். 2021-இல் சர்ஃபேஸ் ப்ரோ 3-இல் வெளிவந்த CVE-2021-42299 என்ற பாதுகாப்பு ஓட்டை இதுவேதான். லினக்ஸ் யுஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பினால் இதை நேரடியாகப் பார்க்கலாம்:

```
sudo tpm2_pcrread sha1:0,7+sha256:0,7
```

ஷா-1 பக்கம் எண்கள் நிறைந்திருக்க, ஷா-256 பக்கம் 0x000… என்று முழுப் பூஜ்யம் வந்தால் அதுதான் அறிகுறி. அந்த பேங்கே திறக்கப்படவில்லை என்றால் பூஜ்யம்கூட வராது, காலியாக இருக்கும். 2018 மடிக்கணினியில் காலியாகத்தான் வந்தது. மனம் கொஞ்சம் ஆறியது.

அதைச் சரிசெய்யும் வரிசை முக்கியம். பிட்லாக்கர் தன் சாவியை ஷா-1 பேங்கின் மதிப்போடு பூட்டி வைத்திருக்கிறது. பேங்கை அப்படியே மாற்றினால் அடுத்த முறை கணினி எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நீலத் திரையில் நிற்கும். அதனால் முதலில் சாவியைத் தாளில் அச்சிட்டு அக்காவின் கையில் கொடுத்தேன். பிறகு பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தினேன்:

```
manage-bde -protectors -disable C:
```

பயாஸுக்குள் போய் டிபிஎம் பகுதியில் ஷா-256-ஐ இயக்கிச் சேமித்தேன். விண்டோஸ் எழுந்ததும் அதே கட்டளையை -enable என்று கொடுத்தேன். இப்போது சாவி புதிய பேங்கோடு பூட்டப்பட்டுவிடும். இடையில் டிபிஎம்மை ‘க்ளியர்’ செய்யும் தேர்வும் அங்கேயே கண்ணில் படும். அதைத் தொடவே கூடாது, இந்த மாற்றத்துக்கு அது தேவையுமில்லை.

2014 மடிக்கணினிக்கு 2.0 ஃபர்ம்வேர் தேடிப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். அதன் ப்ராசஸர் இன்டெல் நான்காம் தலைமுறை. சிப்பை 2.0 ஆக்கினாலும் விண்டோஸ் 11-இன் ப்ராசஸர் பட்டியலில் அது வராது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஏற்கிறார்கள். போதாததற்கு அது பழைய லெகசி பயாஸ் முறையில் நிறுவப்பட்டது. விண்டோஸில் 2.0 வேலை செய்ய யுஇஎஃப்ஐ முறை வேண்டும், அதற்கு வட்டின் அமைப்பையும் மாற்ற வேண்டும். இத்தனை உழைப்பை அதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“அப்ப இத என்ன செய்றது?”

“லேபிள் பிரிண்டருக்கு வச்சுக்கோங்க அக்கா. வாடிக்கையாளர் கணக்கு எதுவும் இதுல வேணாம், நெட்டும் வேணாம்.”

வட்டை அழித்துவிட்டு, வைஃபையை அணைத்து, பிரிண்டர் பக்கத்தில் வைத்தேன். 2018 மடிக்கணினியில் அந்த இரண்டாவது கட்டளையை மறுபடி ஓட்டினேன். 0xb வந்தது.