பெரிய நெற்றியை மறைக்க பேங்ஸ் வெட்டப் போகும் சுருள்முடிக்காரர்கள் கவனத்திற்கு

பார்லரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரில் நல்ல பெயர் எடுத்த, வார இறுதியில் இடமே கிடைக்காத கடை என்பது மட்டும் போதும்.

எனக்கு ஏறுநெற்றி, காதும் சற்று வெளியே தள்ளியிருக்கும். இரண்டும் மறைகிற மாதிரி பேங்ஸ் வேண்டும் என்றேன். வெட்டியவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். படத்தில் இருந்த பெண்ணுக்கு நேர்முடி. எனக்குச் சுருள் என்று சொன்னதற்கு, "அதெல்லாம் செட் ஆயிடும் மேடம்" என்று பதில் வந்தது.

முடியை நனைத்து, சீப்பால் இழுத்து, விரலிடுக்கில் பிடித்துப் புருவத்துக்கு நேராக ஒரே வெட்டு. ஈரத்தில் இழுத்துப் பிடித்தால் முடி நீண்டு நிற்கும். காய்ந்ததும் சுருள் மேலே ஏறிவிடும். டிரையர் போட்டு முடித்தபோது பேங்ஸ் நெற்றியின் பாதியில் நின்றது. முன்னால் எனக்கு ஒரு சுழி வேறு உண்டு. நீளம் இருந்தவரை முடியின் பாரமே அதை அமுக்கி வைத்திருந்தது. இப்போது அந்த இடத்தில் முடி இரண்டாகப் பிரிந்து, நெற்றி முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

காதுப் பக்கம் இதைவிட மோசம். பேங்ஸுக்குப் பிரித்தெடுக்கும் முடி புருவத்தின் வெளிமுனையோடு நின்றுவிட வேண்டும். அவரோ நெற்றிப்பொட்டைத் தாண்டிக் காதுக்கு மேல் வரை வாரி எடுத்து வெட்டிவிட்டார். என் காதை மறைத்துக்கொண்டிருந்ததே அந்த முடிதான்!

கேட்டால், ஸ்மூத்னிங் செய்தால் இறங்கிவிடுமாம், 6,000 ரூபாய்தானாம். கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் வேரில் புதிதாக முளைப்பது சுருளாகவே வரும், காது மேல் போன முடியும் திரும்பாது. வேண்டாம் என்றேன். பில்லில் நான் கேட்காத ஹேர் ஸ்பா 900 ரூபாய். குரலை உயர்த்திய பிறகே எடுத்தார்கள்.

பிறகு வேறொரு பார்லர் அக்காவிடம் காட்டினேன். சுருள்முடிக்குக் காய்ந்த நிலையில், இழுக்காமல், அது விழுகிறபடியே விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றார். முதலில் கன்னத்து எலும்பு வரை நீளம் விட்டு, கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டுமாம். இப்போதைக்கு ஓரவகிடு எடுத்து, ஹேர்பின் குத்தி ஓட்டுகிறேன். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். காது மேல் விழ இன்னும் எத்தனை மாதமோ.

என் தம்பிக்கும் இதே காது. அவன் சலூனில் ஃபேட் வேண்டாம், பக்கவாட்டில் மெஷின் வைக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், காதின் மேல்நுனியில் முடி விழட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் துணியே போர்த்த விடுவான். நீங்களும் கத்தரி எடுக்கும் முன், பிரித்த முடி புருவமுனையைத் தாண்டுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். தாண்டினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.