புதிய ஹெட்டா, புதிய பிரிண்டரா? முடிவு போர்டின் கையில்

தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய இங்க்ஜெட் பிரிண்டர்கள் இரண்டு என்னிடம் அடுத்தடுத்துப் படுத்தன. இரண்டுக்கும் புதிய ஹெட் வாங்கினேன். ஒன்று பிழைத்தது, மற்றொன்றில் பணம் தண்ணீரில் போனது. ஆனாலும் நான் ஹெட் மாற்றும் கட்சிதான், ஒரு நிபந்தனையோடு.

விலைக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எல்லா நிறங்களுக்கும் சேர்த்து ஒரே ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ் வகையில், அந்த ஹெட்டின் விலை புதிய பிரிண்டரின் விலையை நெருங்கிவிடும். கறுப்புக்கும் வண்ணத்துக்கும் தனித்தனி ஹெட் உள்ள மைத்தொட்டி வகையில் செத்ததை மட்டும் மாற்றினால் போதும். ஹெட்டின் விலை பிரிண்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாங்கமாட்டேன்.

அதற்கு முன்னால் ஹெட் உண்மையிலேயே செத்ததா என்று பார்க்க வேண்டும். எல்லாத் துளைகளும் மை விடுகின்றனவா என்று காட்ட பிரிண்டர் அச்சிடும் நாசில் செக் பக்கத்தில் விடுபடும் கோடுகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் அது காற்றோ மைத் தட்டுப்பாடோதான்; சில மணி நேரம் விட்டுவிட்டு மீண்டும் பார்க்கலாம். ஒரே கோடுகள் அதே இடத்தில் விடாப்பிடியாகக் காணாமல் போனால் ஹெட்டைக் கழற்றி, ஈரமான டிஷ்யூ தாளின் மேல் மெதுவாக ஒற்றுங்கள். மை பதியவில்லை என்றால் அடைப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் தீர்த்துவிடக்கூடும். என் தொட்டி பிரிண்டரின் கறுப்பு ஹெட் டிஷ்யூவில் நன்றாகவே மை விட்டது, ஆனால் அச்சில் பாதிக் கட்டம் வெறுமை. மை வருகிறது, துளை அதைத் துளியாக வீசவில்லை என்று அர்த்தம். இந்த வகை ஹெட்டில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிச் சூடேற்றி உண்டு. அது மையைக் கொதிக்கவைத்து, எழும் குமிழியால் துளியைத் தள்ளுகிறது. சூட்டைத் தணிப்பதும் அதே மைதான். தொட்டியில் மை குறைந்தபடியே நான் அச்சிட்டுக்கொண்டிருந்ததில், குழாயில் காற்று ஏறி, சூடேற்றிகள் கருகியிருக்க வேண்டும். கருகியதைக் கழுவிப் பயனில்லை.

இனி நிபந்தனைக்கு வருகிறேன்: ஹெட் தனியாகச் செத்ததா, மெயின் போர்டையும் இழுத்துக்கொண்டு போனதா? ஹெட்டுக்கு மின்சாரம் கொடுப்பது போர்டு. ஹெட்டுக்குள் ஷார்ட் ஆனால் போர்டின் அந்தப் பகுதி கெடலாம்; கெட்ட போர்டு புதிய ஹெட்டையும் சுட்டுவிடலாம். என் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் நடந்தது இதுதான். அடைப்பு எடுக்க ஹெட்டைக் கழுவினேன், ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டு மாட்டினேன். செம்புத் தொடர்புப் புள்ளிகளுக்குப் பின்னால் ஈரம் இருந்திருக்கிறது. பிழைச் செய்தி வந்தது. புதிய ஹெட் வாங்கிப் போட்டேன். சில பக்கங்கள் அச்சாகி, அதே பிழைச் செய்தி திரும்பி வந்தது. இரண்டு ஹெட்டும் போச்சு, பிரிண்டரும் போச்சு. கழுவினால் ஒரு முழு நாளாவது காயவிடுங்கள்.

அதனால் இப்போது வாங்குமுன் ஒரு சோதனை செய்கிறேன். பழைய ஹெட்டை எடுத்துவிட்டு, ஹெட் இல்லாமலே பிரிண்டரை இயக்குகிறேன். ‘ஹெட் இல்லை’ என்று சொன்னால் நம்பிக்கை உண்டு. ஹெட்டே இல்லாதபோதும் பழைய மின்பிழையையே காட்டினால் சந்தேகம் போர்டின் மேல்; ஹெட் வாங்கக் கூடாது. கேனனின் பல மாடல்களில் இந்த வகைப் பிழை B200 என்று திரையில் வரும். இந்தச் சோதனையில் தேறினால் போர்டு முழுக்க நலம் என்று உத்தரவாதம் இல்லை. தேறாவிட்டால் மட்டும் தெளிவான பதில். பிழைக்குறி எதுவும் இல்லாமல் அச்சு மட்டும் கெட்டிருந்தால் தைரியமாக மாற்றலாம் என்பது என் எண்ணம், இரண்டே பிரிண்டரின் அனுபவத்தில் சொல்வது.

தொட்டி பிரிண்டரில் மாற்றும் வேலை பத்து நிமிடம். பாதுகாப்பு நாடாவை உரித்து, செம்புப் புள்ளிகளில் விரல் படாமல் மாட்டினேன். பிறகு குழாயிலிருந்து மையை இழுக்க ஒரு பெரிய சுத்திகரிப்பு ஓட்ட வேண்டியிருந்தது. தொட்டியில் மை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. அந்த மை எல்லாம் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. பஞ்சு நிறையப்போகிறது என்று ஏற்கெனவே எச்சரிக்கை வந்த பழைய பிரிண்டர் என்றால், அதை நாமே மாற்ற முடிகிற மாடலா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் புதிய ஹெட் மாட்டிய கையோடு பிரிண்டர் நின்றுபோகும்.

பழைய பிரிண்டரிலிருந்து எடுத்து விற்கும் ஹெட்டுகளை நான் வாங்கியதில்லை. எந்த போர்டில் இருந்து வந்ததோ என்ற பயம்தான் காரணம்.