சுற்றறிக்கைக்குப் பிறகு அந்தக் கருமபீடம்: ஒரு வருட அனுபவம்

எங்கள் வீடு நெடுங்கேணிப் பக்கம். நகரத்தில் அப்பாவின் பெயரில் ஒரு சிறிய வீடும் காணியும் இருக்கின்றன. அதன் ஆதன வரியைக் கட்டுவது, பெயர் மாற்றுவது என்று ஒரு மாநகர சபைக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். சபையின் பெயர் வேண்டாம். போன வருடம் அங்கே ஆணையாளர் வட்டார உத்தியோகத்தர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். கருமபீட நேரம், வரவு, வருகிறவர்களோடு மரியாதையாக நடப்பது ஆகிய மூன்றையும் அது நினைவூட்டியது. பிரதி ஒன்றை வாசலிலும் ஒட்டியிருந்தார்கள். அதன் பிறகு என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதுகிறேன்.

வரவு பற்றி முதலில். கைவிரல் அடையாள இயந்திரம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அதற்கு முன்பு பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவார்கள், பிந்தி வந்தவர் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டுமே ஆள் அலுவலகத்துக்கு வந்ததைத்தான் காட்டும், கதிரையில் இருப்பதைக் காட்டாது. காலை 8.30க்கு விரல் வைத்தவர் 10 மணிக்கு எங்கே என்று கேட்டால் "வெளிக்களம் போயிட்டார்" என்பார்கள். வருமானப் பரிசோதகருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் வெளிக்கள வேலை உண்மையாகவே உண்டு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எப்போது திரும்புவார் என்று ஒருவருக்கும் தெரியாததுதான் எங்களுக்குக் கஷ்டம். வெளியே போகிறவர் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வெளிச்செல்கைப் பதிவேட்டில் எழுத வேண்டும், புதன்கிழமை முழுநாளும் அலுவலகத்தில் இருக்க வேண்டும், இல்லாத நேரத்துக்குப் பதில் பார்ப்பவரின் பெயர் கருமபீடத்தில் தெரிய வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. எனக்கு அதிகம் உதவியது இந்தக் கடைசி வரிதான். இப்போது கேட்டால் பதிவேட்டைப் பார்த்து, "ஐயா, அவர் ரெண்டு மணிக்கு வருவார், விண்ணப்பத்தை நான் வாங்கி வைக்கிறன்" என்கிறார்கள்.

கருமபீட நேரத்தில் பணமும் இருக்கிறது. வருடத்துக்கான ஆதன வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக்கு உரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். வருட வரி 4,800 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கட்டினால் 480 ரூபா மிச்சம். கடைசி நாள் காசாளர் 3 மணிக்கு முன்பே பூட்டிவிட்டால் அந்த 480 போய்விடும். முதல் காலாண்டுக்கும் அன்றுதான் கடைசி நாள் என்பதால் அதன் 60 ரூபாக் கழிவும் சேர்ந்து போய்விடும். பஸ்ஸில் வந்து இறங்கும் கிராமத்துச் சனத்துக்கு இது சின்ன விசயம் இல்லை. சுற்றறிக்கைக்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு ஆள் மாறி ஆள் போகிறார்கள், கருமபீடம் பூட்டுவதில்லை.

மரியாதை விசயத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் மாற்றத்துக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். கண்ணாடியின் கீழ் இருக்கும் துவாரத்துக்குக் குனிந்து பேச அம்மாவுக்கு முதுகு விடவில்லை. அங்கிருந்த பிள்ளை எழும்பி, பக்கக் கதவால் வெளியே வந்து, "அம்மா, இதில இருங்கோ" என்று கதிரையைக் காட்டினாள். உறுதியின் பிரதியும் கடைசி வரிப் பற்றுச்சீட்டும் இருந்தன, நில அளவைப் படத்தின் பிரதி இல்லை. முன்பு என்றால் "எல்லாம் கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை போனால் இன்னொருவர் இன்னொன்று கேட்பார். அன்று அவள் குறைந்ததை ஒரு துண்டில் எழுதி, திகதியும் கையொப்பமும் வைத்துத் தந்தாள். அடுத்த முறை வேறு ஒருவர் இருந்தார். துண்டைக் காட்டினோம், வேறு எதுவும் கேட்காமல் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். சிரித்த முகத்தைவிட அந்தத் துண்டைத்தான் நான் பெரிய மரியாதை என்பேன், ஏனென்றால் அது எங்கள் ஒரு நாளை மிச்சப்படுத்தியது.

மாறாததும் இருக்கிறது. விண்ணப்பம் உள்ளே போன பிறகு கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்பதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. நேரமும் நடத்தையும் ஒழுங்கானாலும் களப் பரிசோதனை தன் பாட்டில் பிந்துகிறது. அப்புறம், சில மாதம் போக வாசலில் ஒட்டிய பிரதி கிழிந்தது, பதில் பார்ப்பவரின் பெயர்ப் பலகையும் பழைய பெயரோடு நின்றது. அந்தக் கிழமைகளில் "நாளைக்கு வாங்கோ" திரும்பவும் கேட்டது. மேலதிகாரிகளிடம் சொல்லிய பிறகுதான் புதுப் பிரதி ஒட்டினார்கள்.

இப்படிச் சுற்றறிக்கை வந்ததாகக் கேள்விப்பட்டும் கண்ணில் படாதவர்கள், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் அலுவலரிடம் பிரதி கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிரதி கையில் இருந்தால் கருமபீடத்தில் சத்தம் போடத் தேவையில்லை, உரிய பந்தியைக் காட்டினால் போதும். என் கோப்பைப் பொறுத்தவரை களப் பரிசோதனைத் திகதியை எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.