முட்டை மிதக்கிறதா, மிதக்குதா: டெல்டா வீடியோவுக்கு எந்தத் தமிழில் எழுதுவது?

காவிரி டெல்டாவை வைத்து வீடியோ எடுக்கிறவர்கள் பின்னணிக் குரலுக்கு எழுத உட்கார்ந்ததும் எழுத்து நடையா, பேச்சு நடையா என்று அடித்துக்கொள்வார்கள். பேச்சு நடை என்று நாம் சொல்வதிலேயே இரண்டு இருக்கிறது, அதையும் பிரித்துப் பார்த்தால்தான் சண்டை ஒரு முடிவுக்கு வரும். ஒன்று, பட்டிமன்ற மேடையிலும் டிவி தொடரிலும் கேட்கிற பொதுப் பேச்சு, இதை எந்த மாவட்டத்துக்காரரும் தன்னுடையதாக எடுத்துக்கொள்வார். இன்னொன்று, மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற வட்டாரப் பேச்சு. ஆக எழுத்து நடையோடு சேர்த்து மூன்று.

விவசாயிக்கான வீடியோவில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுத் தரம் பிரிக்கிற வேலை. துண்டறிக்கையில் இப்படித்தான் இருக்கும்: "பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பு சேர்த்துக் கரைசல் தயாரிக்கப்பட வேண்டும். கரைசலில் முட்டை மிதக்கும் நிலையில் விதைகளை இட்டு, மிதக்கும் பதர்களை அகற்றிய பின்னர், நன்னீரில் இரண்டு அல்லது மூன்று முறை கழுவ வேண்டும்." ஒரு தப்பும் இல்லை. கையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தால் புரியும். காதில் ஒரே ஒரு தடவை விழுந்தால், முட்டை எதற்கு வந்தது என்று யோசிப்பதற்குள் நெல்லைக் கழுவி முடித்திருப்பார்கள்.

இதைப் பேச்சுக்கு மாற்றச் சொன்னால் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? வினைமுற்றை மட்டும் வளைப்பார்கள். "கரைசல்ல முட்டை மிதக்குற நிலையில விதைகளை இட்டு, மிதக்குற பதர்களை அகத்தணும்." இதுதான் மூன்று நடையிலும் சேராத நான்காவது ரகம், யூடியூபில் நிறையக் கிடைக்கும். 'அகத்தணும்' என்று யார் வீட்டில் சொல்கிறார்கள்? வேட்டியில் இருக்கிறவருக்கு டையைக் கட்டிவிட்டது மாதிரி நிற்கிறது. இதைவிடத் துண்டறிக்கையை அப்படியே வாசித்துவிடலாம், அதிலாவது ஒரு கம்பீரம் உண்டு.

பேச்சு நடை என்றால் வாக்கியத்தை உடைத்து, கை வேலை செய்கிற வரிசையில் மறுபடி எழுதுவது:

"பத்து லிட்டர் தண்ணி எடுத்துக்கங்க. அதுல ஒரு முட்டையை விடுங்க, நல்ல முட்டையா இருந்தா அடியில போய் உக்காந்துக்கும். இப்ப உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்கிக்கிட்டே வாங்க. முட்டை மெல்ல மேல வரும். அதோட தலை காசு அளவுக்கு வெளிய தெரிஞ்சா போதும், நிறுத்திக்கலாம். ஒன்றரை கிலோ உப்பு பிடிக்கும். இப்ப முட்டையை எடுத்துட்டு நெல்லைக் கொட்டுங்க. மேல மிதக்குறது பூரா பதரு, அள்ளிப் போட்டுருங்க. அடியில தங்குன நெல்லை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசணும். உப்பு தங்கிருச்சுன்னா முளைப்பு போச்சு."

நீளம் கூடிவிட்டது, கவனியுங்கள். பேச்சு நடை சுருக்கமானது என்று ஒரு நம்பிக்கை உண்டு, சொல் அளவில் அது சரிதான், 'போய்விட்டது' 'போச்சு' ஆகிவிடுகிறது. ஆனால் வாக்கியம் கூடிவிடும். துண்டறிக்கையைவிட இதை வாசிக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், அதற்கு ஏற்றபடி காட்சி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டை மேலே வருவதற்குள் படம் அடுத்த வேலைக்குப் போய்விடும். இன்னொன்று, மேலே எல்லாமே 'எடுத்துக்கங்க', 'விடுங்க', 'கொட்டுங்க' என்று போகிறது, 'அலசணும்' மட்டும் 'ணும்' போட்டு வருகிறது. அது வேண்டுமென்றே செய்தது. எல்லாவற்றுக்கும் 'ணும்' போட்டால் பள்ளிக்கூட வாத்தியார் வந்துவிடுவார், தவறவே கூடாத ஒரு வேலைக்கு மட்டும் வைத்தால் காது அங்கே நிற்கும்.

கலைச்சொல்லைத் தொடவே வேண்டாம். சூடோமோனாஸ் சூடோமோனாஸாகவே இருக்கட்டும், கடையில் அதே பெயரைச் சொல்லித்தான் வாங்குவார்கள். விதைநெல், பதர், நாற்றங்கால், தூர் எல்லாம் வயலில் புழங்குகிற சொற்கள்தான், எந்த நடையிலும் உட்காரும். நடையைக் காட்டிக்கொடுப்பவை வேறு: மற்றும், ஆகும், மூலம், செய்யப்படுகிறது. பேச்சில் இவை வந்தால் எழுதினவர் மாற்றாமல் விட்டது என்று அர்த்தம். 'உப்பு மற்றும் தண்ணீர்' என்று யாரும் பேசுவதில்லை, 'உப்பும் தண்ணியும்' என்றுதான் வரும்.

அடுத்த கேள்வி, பொதுப் பேச்சா வட்டாரப் பேச்சா. டெல்டா விவசாயிக்கு மட்டும் என்றால் நான் பாதி வட்டாரத்துக்குப் போவேன், அதுவும் அளவுகளில். இங்கே நிலத்தை மா கணக்கில் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மா கிட்டத்தட்ட 33 சென்ட், மூன்று மா போட்டால் ஏக்கருக்கு ஒட்டி வரும், இருபது மா ஒரு வேலி. 'மாவுக்கு இவ்வளவு' என்றால் கேட்கிறவர் மனதுக்குள் வகுக்க வேண்டியதில்லை. அதே வீடியோவை ஈரோட்டுக்காரர் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவார். இருவரும் பார்ப்பார்கள் என்றால் ஏக்கரைச் சொல்லிவிட்டு, மா கணக்கைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிடலாம்.

வினைமுற்றில் வட்டாரத்துக்குப் போவதுதான் ஆபத்து. பேச்சில் முடிவுகள் ஊரை மட்டும் சொல்வதில்லை, வீட்டையும் சொல்லிவிடும். கும்பகோணத்தில் 'வந்துடுத்து' என்று ஒரு குரல் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்கிறவர் முடிவு கட்டிவிடுவார், அப்புறம் அவர் கேட்பது விஷயத்தை இல்லை, ஆளை. 'வந்துருச்சு'வுக்கு அவ்வளவு சுமை இல்லை. பேசுகிறவரே திரையில் தோன்றி, தன் வயலில் நின்று, தன் பேச்சில் பேசினால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம், அவர் எப்படிப் பேசினாலும் அழகு. முகம் தெரியாத பின்னணிக் குரலுக்குத்தான் இவ்வளவு யோசனையும்.

சரி, தஞ்சை பெரிய கோயிலுக்கு வருவோம். இங்கே பேச்சு நடை நேரே ஒரு சிக்கலில் மாட்டும். எழுத்து நடையில் "ராஜராஜன் இக்கோயிலைக் கட்டினான்" என்பது வரலாற்று வழக்கு, ஒருமையில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதையே பேச்சாக்கி "ராஜராஜன் கட்டுனான்" என்றால் பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் 'கட்டுனாரு' ஆக வேண்டும். ஆனதும் 'ராஜராஜன்' என்ற பெயர் இடிக்கும், 'ராஜராஜ சோழன்' என்று முழுப் பெயர் சொன்னால் 'கட்டுனாரு' பொருந்துகிறது. ஒரு முடிவை எடுத்தால் கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும். நடுவில் "சோழர்கள் படையெடுத்தனர், அப்ப ராஜராஜன் என்ன பண்ணாருன்னா" என்று ஒரே மூச்சில் இரண்டு நடையையும் போட்டால் அது குழப்பம்தான்.

யாருக்கு எது? பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு எழுத்து நடை, யோசிக்கவே வேண்டாம், கேட்டதை அப்படியே தாளில் எழுதப் போகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருந்து பார்க்கிறவர்களுக்கும் எளிய எழுத்து நடை வசதி, நம் 'உக்காந்துக்கிட்டு' அவர்கள் பேச்சு இல்லை, 'உட்கார்ந்து' எல்லோருக்கும் பொது. ஆனால் இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள், வெளிநாட்டிலேயே பிறந்து வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள், நேர் எதிர். அவர்களுக்கு 'வந்தாங்க' தெரியும், 'வந்தனர்' தெரியாது. வெளிநாட்டுத் தமிழர் என்று ஒரே கூடையில் போட்டு எழுத்து நடையைத் தேர்ந்தால் பெற்றோர் பார்ப்பார்கள், பிள்ளை எழுந்து போய்விடும். சுற்றுலா வருகிறவர்களுக்கு, குடும்பத்தோடு பார்க்கிறவர்களுக்கு, என் ஓட்டு பொதுப் பேச்சுக்குத்தான். பெரிய கோயில் விமானம் 216 அடி, குடமுழுக்கு 1010-ல், இரண்டும் எந்த நடையிலும் மாறாது. எழுதும்போது மட்டும் இலக்கமாக விடாமல் 'இருநூத்திப் பதினாறு அடி', 'ஆயிரத்துப் பத்தாம் வருஷம்' என்று வாய்க்கு வருகிறபடி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பேச்சுக்கு நடுவில் குரல் கொடுப்பவர் 'இருநூற்றுப் பதினாறு' என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

பேச்சு நடை கோயிலுக்கு அவமரியாதை என்கிறவர்களுக்கு ஒன்று. அதே கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்ததையும் அக்கா குந்தவை கொடுத்ததையும் சொல்லும்போது இருப்பது 'குடுத்தனவும்' என்றுதான். ஆயிரம் வருஷமாகக் கல்லில் நிற்கிற 'குடு' உங்கள் வீடியோவில் வந்தால் ஒன்றும் ஆகாது.

இரண்டையும் கலக்கவே கூடாதா என்றால், கலக்கலாம், வாக்கியத்துக்குள் கூடாது. கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு கன அடி திறந்திருக்கிறார்கள், எந்தெந்த ஊருக்கு எச்சரிக்கை என்பதை எழுத்து நடையில் சொன்னால்தான் ஜனம் நம்புகிறது, பேச்சில் சொன்னால் வாட்ஸ்அப் வதந்தி மாதிரிக் கேட்கும். ஆனால் "கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதை ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. தகவல் முடிந்ததும் ஒரு நொடி இடைவெளி விட்டு, "ஆத்துல இறங்காதீங்க. மாட்டை அவுத்து மேட்டுல கட்டுங்க" என்று வரட்டும். அந்த இடைவெளி முக்கியம், அது இல்லாவிட்டால் எழுதினவருக்குக் கை வழுக்கிவிட்டது என்று தோன்றும்.

தாளில் எழுதுகிற விதமும் தனி வேலை. பேச்சில் 'அவன் வந்தான்' என்பதில் கடைசி 'ன்' மூக்கோடு போய்விடும், அதற்காக 'வந்தா' என்று எழுதினால் வாசிக்கிறவர் 'வந்தால்' என்று எடுத்துக்கொள்வார். 'ன்', 'ம்' இரண்டையும் விட்டுவையுங்கள், வாய் பார்த்துக்கொள்ளும். 'செய்யணும்' என்பதில் 'ண' போடுங்கள், 'வேண்டும்' தேய்ந்து வந்தது அது. எழுதி முடித்ததும் வீடியோவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்குகிற இடத்தைவிட, தன்னை அறியாமல் சொல்லை மாற்றிப் படிக்கிற இடம்தான் முக்கியம். நீங்கள் 'வெளியில்' என்று எழுதியதை அவர் 'வெளிய' என்று படித்தால், பேனாவை எடுத்து 'வெளிய' என்றே திருத்திவிடுங்கள்.

திரையின் அடியில் ஓடுகிற வசன வரிகளை மட்டும் நான் எழுத்து நடையிலேயே போடுவேன், குரல் பேச்சில் இருந்தாலும். 'உக்காந்துக்கிட்டிருந்துச்சுன்னா' என்பதைக் காது ஒரு நொடியில் வாங்கிவிடும், கண் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். இது சிலருக்குப் பிடிக்காது, கேட்பதும் படிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பார்கள். காது கேளாதவர்களுக்காகப் போடுகிற வரி என்றால், குரலில் இருப்பதை அப்படியே காட்டுவதுதான் முறை என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த வீடியோக்களில் மட்டும் நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.