டாலரில் காகிதம், ரூபாயில் காலண்டர்: திறந்து விடுவதா, ஃபார்வர்ட் போடுவதா, ஆப்ஷன் வாங்குவதா?

சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர்களுக்கு ஆடிப்பெருக்கு முக்கியமான நாள். அன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகிறது, விலை சொல்லப்படுகிறது, ஆர்டர்கள் வரத் தொடங்குகின்றன. அந்த விலை ரூபாயில் இருக்கிறது, பிறகு மாறுவதில்லை. வெளிநாட்டு ஆலையிலிருந்து வரும் ஆர்ட் பேப்பருக்கோ அக்டோபர், நவம்பரில்தான் டாலரில் பணம் கட்டுகிறோம். நடுவே கிடக்கும் மூன்று மாதங்களில் டாலர் விலை எங்கே போனாலும் அந்த வித்தியாசம் எங்கள் கணக்கில்தான் விழும். பல ஆண்டுகள் எதுவும் செய்யாமல் திறந்து விட்டிருந்து, பிறகு பின்னால் வாங்கும் டாலருக்கு இன்றே வங்கியிடம் விலை பேசிவைக்கும் ஃபார்வர்ட் ஒப்பந்தத்துக்கு மாறியவன் என்ற முறையில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

கணக்குக்காக 50,000 டாலர் காகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் தொடக்கத்தில் டாலரின் ஸ்பாட் விலை, அதாவது அன்றைய சந்தை விலை, 85 ரூபாய். அந்தக் காகிதத்தில் அச்சாகும் ஆர்டர்களின் மொத்த விற்பனை 60 லட்சம், அதில் எதிர்பார்க்கும் லாபம் 3 லட்சம். பணம் கட்டும் நாளில் டாலர் 88 ஆகியிருந்தால் காகிதத்துக்கு மட்டும் 1,50,000 ரூபாய் கூடுதலாகும், அதாவது லாபத்தில் பாதி போய்விடும். 83 ஆக இறங்கியிருந்தால் ஒரு லட்சம் மிஞ்சும். ஒன்றும் செய்யாமல் விடுவோர் இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மிஞ்சும் லாபம் பிடிக்கும் என்பதற்காக அச்சகத்துக்காரர் நாணய வியாபாரியாக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சப்ளையரிடம் ரூபாயிலேயே பில் கேட்கலாம் என்பார்கள். சிறிய வாங்குபவருக்கு ஆலைகள் எளிதில் இணங்குவதில்லை. இணங்கினாலும் நாணய அபாயத்துக்கு அவர்கள் ஒரு தொகையைக் காகித விலையில் ஏற்றிவிடுவார்கள், அது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. பங்குச் சந்தையில் விற்கும், பின்னாள் டாலருக்கு முன்கூட்டியே விலை பேசும் நாணய ஃப்யூச்சர்ஸ் 1,000 டாலர் அலகுகளில் கிடைப்பது வசதிதான். ஆனால் அதில் தினமும் லாப நட்டத்தைப் பணமாகத் தீர்க்க வேண்டும், கடைசியில் கையில் டாலரும் வராது.

ஃபார்வர்டில் வங்கி இன்றே ஒரு விலையை உறுதி செய்கிறது. அந்த விலை வங்கியின் கணிப்பு அன்று. இந்தியாவின் வட்டி விகிதம் அமெரிக்காவினதைவிட அதிகமாக இருக்கும்போது, அந்த வித்தியாசம் பிரீமியமாக ஸ்பாட் விலையின் மேல் ஏறும். நம் கணக்கில் மூன்று மாதத்துக்கு 45 பைசா பிரீமியம், வங்கியின் பங்கு 5 பைசா என்று எடுத்துக்கொண்டால் விலை 85.50, மொத்தம் 42,75,000 ரூபாய். வங்கியில் கேட்கும்போது ஸ்பாட், பிரீமியம், வங்கியின் பங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்ல வேண்டும். ஒரே எண்ணாகச் சொன்னால், அந்த 5 பைசா எப்போது 30 பைசாவானது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

எப்போது போடுவது என்பதில் 2013 ஒரு நல்ல பாடம். அந்த ஆடிப்பெருக்கின் போது டாலர் 61 ரூபாய் அருகில் இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. அக்டோபர் இறுதியில் மீண்டும் 61, 62 என்ற அளவுக்குத் திரும்பியது. அந்த ஆண்டு சும்மா இருந்தவர் கடைசியில் தப்பித்தார், ஆடியிலேயே போட்டவரும் நிம்மதியாக இருந்தார். 68-ல் பயந்துபோய்ப் போட்டவருக்குத்தான் அடி. ஆகவே பயம் வரும் நாளில் போடாமல், விற்பனை விலையைச் சொல்லும் நாளில் போட வேண்டும்.

இதுவரை சொன்னதை எந்த வங்கி அதிகாரியும் சொல்லிவிடுவார். என்னைப் பொறுத்தவரை ஃபார்வர்டின் தகுதியைத் தீர்மானிப்பது வேறொன்று: கப்பல் தாமதமானால் என்ன ஆகும் என்பது. எங்கள் தவணை, சரக்கு கப்பலில் ஏறியதற்குக் கிடைக்கும் ரசீதான பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 60 நாள். ஆகஸ்ட் 31-ல் சரக்கு ஏறும் என்று நம்பி, அக்டோபர் 30 என்று ஒரே தேதிக்கு ஒருமுறை ஃபார்வர்ட் போட்டிருந்தேன். சரக்கு செப்டம்பர் 21-ல்தான் ஏறியது, எனவே பணம் கட்ட வேண்டிய நாள் நவம்பர் 20-க்குத் தள்ளிப்போனது. ஒப்பந்தம் தள்ளிப்போகாது. அதை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். எங்கள் உதாரண எண்களிலேயே பார்ப்போம். ரத்து நாளில் வங்கி டாலரைத் திரும்ப எடுக்கும் விலை 83.75. நான் ஒப்புக்கொண்டதோ 85.50. வித்தியாசமான 1.75 ரூபாயை 50,000-ஆல் பெருக்கினால் 87,500. அது அன்றே ஓ.டி. என்னும் ஓவர்டிராஃப்ட் கடன் கணக்கிலிருந்து கழிந்துவிடும், அதுவும் தீபாவளி போனஸ் கொடுக்கும் வாரத்தில். நவம்பர் 20-க்குப் புது ஒப்பந்தம் 84.00-க்குக் கிடைக்கும். 42,00,000-உடன் 87,500 சேர்த்தால் 42,87,500. முதலில் நினைத்ததைவிட 12,500 ரூபாய்தான் அதிகம், டாலருக்கு 25 பைசா. அதாவது இழப்பு சிறியது, ஆனால் பணம் மூன்று வாரம் முன்னதாக வெளியே போகிறது. இதை நட்டம் என்று எண்ணி, புது ஒப்பந்தம் போடாமல் திறந்து விடுவதுதான் பலர் செய்யும் தவறு. நானும் அன்று கிட்டத்தட்ட அதைத்தான் செய்ய இருந்தேன்.

இதற்கு மருந்து, தேதிக்குப் பதிலாகக் காலவரம்பு வைத்த ஃபார்வர்ட். அக்டோபர் 25 முதல் நவம்பர் 24 வரை எந்த நாளிலும் எடுக்கலாம் என்று போடலாம். இப்படிப்பட்ட வரம்பு ஒரு மாதத்துக்கு மேல் போகாது. வாங்குபவரிடம் வங்கி வரம்பின் கடைசி நாள் வரைக்குமான பிரீமியத்தை வாங்கும், எனவே ஏறக்குறைய 12 பைசா, அதாவது 6,000 ரூபாய் கூடும். ஓ.டி.யிலிருந்து திடீரென்று 87,500 போவதைத் தவிர்க்க அதை மகிழ்ச்சியோடு கொடுப்பேன். இத்துடன் காகித ஆர்டர் உறுதியானதும் மொத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தை மட்டும் போடுகிறேன், மீதியைப் பில் ஆஃப் லேடிங் கைக்கு வந்தபின் போடுகிறேன். சரக்கே வராமல் ஆர்டர் ரத்தானால் ஃபார்வர்ட் தனியாக நிற்கும், அப்போது விலை இறங்கியிருந்தால் அது உண்மையான நட்டம். 30 சதவீதம் அதற்கான இடைவெளி.

ஆப்ஷன் அந்தக் கவலையைத் தீர்க்கிறது. 85.50-க்கு டாலர் வாங்கும் உரிமையை, டாலருக்கு 75 பைசா கட்டணம் என்று வைத்துக்கொண்டால், 37,500 ரூபாய்க்கு முன்பணமாக வாங்குகிறோம். சரக்கு வராவிட்டாலும், டாலர் இறங்கினாலும், போவது அந்தத் தொகை மட்டும்தான். ஆனால் 3 லட்சம் லாபத்தில் எட்டில் ஒரு பங்கைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் ஒரே ஒரு முறைதான் வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டணத்தில் வங்கியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வழி எனக்குப் பிடிபடவில்லை. புதிய சப்ளையர், சரக்கு வருமா என்றே சந்தேகம் என்றால் அதை யோசிப்பேன். ஆண்டுதோறும் ஒரே ஆலையிடம் வாங்கும் காகிதத்துக்கு அது அதிகச் செலவு.

ஃபார்வர்டுக்கு வங்கி ஒரு வரம்புத் தொகையை ஒதுக்க வேண்டும், இல்லையெனில் மதிப்பில் ஒரு பங்கை வைப்பாகக் கேட்கும். அதை ஆனியிலேயே பேசி முடித்து வைக்காவிட்டால், ஆடிப்பெருக்கன்று விலை சொல்லிவிட்டு வங்கிக் கோப்பு நகரக் காத்திருக்கும் நாட்களில் நாம் திறந்தேதான் இருப்போம்.