ஒரே சரக்கு, இரண்டு கிடங்கு: எது மலிவு?

சிங்கப்பூர் தேக்காவில் விற்க கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் இறக்கினோம். 12 கன மீட்டர், காப்பீடு கப்பல் கட்டணம் எல்லாம் சேர்த்து 40,000 வெள்ளி. 9 சதவீத ஜிஎஸ்டி 3,600 வெள்ளியை மொத்தமாக முன்னாலேயே கட்ட வேண்டாம், விற்கிற வேகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஜீரோ ஜிஎஸ்டி கிடங்கு தேடினேன். (கிரைண்டருக்குத் தீர்வை கிடையாது, அதனால் இது போதும். மதுபானம், புகையிலை என்றால் தீர்வைக்கென்று உரிமம் பெற்ற கிடங்குதான் வேண்டும்.)

இரண்டு இடத்தில் விலை கேட்டேன். முதல் கிடங்கில் 14 நாள் இலவசம், பிறகு கன மீட்டருக்கு ஒரு நாளைக்கு 80 காசு. இரண்டாவதில் 7 நாள்தான் இலவசம், ஆனால் 50 காசு. பார்த்தவுடனே இரண்டாவதுக்குச் சரி சொல்லப் போனேன், ஏனென்றால் 40 நாள் வைக்கப்போகிற சரக்குக்கு 30 காசு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. நல்லவேளை, வெளியே எடுக்கும் கூலியையும் கேட்டேன்.

முதல் கிடங்கில் கன மீட்டருக்கு 8 வெள்ளி, பெர்மிட் போட 30 வெள்ளி. இரண்டாவதில் கன மீட்டருக்கு 5 வெள்ளிதான், ஆனால் ஒரு தடவைக்குக் குறைந்தது 60, பெர்மிட்டுக்கு 45. நான் பத்து நாளுக்கு ஒருமுறை மூன்று கன மீட்டராக நான்கு தடவை எடுப்பவன். அப்படிப் போட்டால் முதல் கிடங்கு வாடகை, கூலி, பெர்மிட் எல்லாம் சேர்ந்து 331.20 வெள்ளி, இரண்டாவது 528 வெள்ளி. அதுவே நாற்பதாம் நாள் எல்லாவற்றையும் ஒரே லாரியில் எடுப்பவருக்கு முதலாவது 375.60, இரண்டாவது 303! ஆக, எத்தனை தடவை எடுப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் விலை கேளுங்கள்.

இலவச நாளிலும் ஒரு சிக்கல். முதல் கிடங்கு கொள்கலனைப் பிரித்து இறக்கி முடித்த நாளிலிருந்து எண்ணுகிறது, இரண்டாவது கிடங்கு கொள்கலன் வாசலுக்குள் வந்த நாளிலிருந்தே. இறக்க இரண்டு நாள் ஆனால் அந்த 7 நாள் 5 நாளாகிவிடும். ஞாயிறும் பொது விடுமுறையும் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே எடுக்கிற முறை இரண்டிலும் ஒன்றுதான். கிடங்குக்குள் போகும்போது ஜிஎஸ்டி கட்டாத பெர்மிட், உள்ளூர் விற்பனைக்கு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பங்குக்கு ஜிஎஸ்டி கட்டும் பெர்மிட். எனக்குத் தடவைக்கு 900 வெள்ளி. பெர்மிட் கிடைத்த பிறகுதான் சரக்கு நகரலாம். "பெர்மிட்ல 30 பெட்டின்னா 30தான் ஏத்துவோம் அண்ணே, 31 ஆச்சுன்னா லாரி நிக்கும்" என்றார் முதல் கிடங்கின் தம்பி. எந்த மணிக்குள் பெர்மிட் அனுப்பினால் அன்றே லாரி ஏறும் என்று கேட்டதற்கும் உடனே பதில் சொன்னார். இரண்டாவது கிடங்கில் அதற்கு மூன்று மின்னஞ்சல் தேவைப்பட்டது.

சரக்கு முதல் கிடங்கில் இருக்கிறது.