லோ சோடியம் உப்பு: எனக்கு ஒத்துப்போனது, அத்தைக்கு ஆகவில்லை

காட்பாடியில் எதிர்வீட்டு அக்கா கேட்டார், "வீட்டுக்காரருக்கு பிரஷர். நீங்க போடுற அந்த உப்பு வாங்கலாமா?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் சமையலில் இந்த உப்புதான். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பில் வித்தியாசமே தெரியாது. மோரில் போட்டால்தான் நாக்கில் லேசாகக் கசக்கும். சோடியத்தைக் குறைக்கச் சேர்த்திருக்கும் பொட்டாசியம் குளோரைடின் சுவை அது. என் பிரஷர் இறங்கியது, பொய் சொல்லக் கூடாது. சீனாவில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்விலும், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் தீவிர கிட்னி நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

கோபம் அங்கேதான். குடியாத்தத்திலிருந்து என் அத்தை எங்களோடு தங்க வந்தார். பல வருஷ சர்க்கரை, கிட்னி தளர்ந்ததைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, பிரஷருக்கு ராமிப்ரில். இளநீர், வாழைப்பழம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இரண்டையும் தொடமாட்டார். உப்பை யார் நினைத்தார்கள்? எங்கள் பாக்கெட்டில் பொட்டாசியம் குளோரைடு 30 சதவீதம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு உள்ளே போனால் 780 மில்லிகிராம் பொட்டாசியம், கிட்டத்தட்ட இரண்டு வாழைப்பழம். தொடாத பழம் சாம்பார் வழியாக வந்துகொண்டிருந்தது.

பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளச் சொல்வது ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள் அதைக் குறைக்கும். கிட்னியும் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கிவிடும். அத்தைக்குக் கால் அசதி தவிர ஒன்றுமில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில்தான் பொட்டாசியம் 6.2 என்று வந்தது. 5க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்தாலும் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால் மறுபடி எடுத்தார்கள். 6.1. ஈசிஜியில் டி அலை கூர்மையாக எழும்பியிருந்தது, பொட்டாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளம். இதயத்தைக் காக்க நரம்பில் கால்சியம், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள குளுக்கோஸோடு இன்சுலின். அப்புறம்தான் டாக்டர், "வீட்ல என்ன உப்பு?" என்றார்.

பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய இதயப் படம். கிட்னி நோயாளிகளுக்கான எச்சரிக்கை பின்பக்கம், மடிப்புக்குள், எறும்பு எழுத்தில்.

அக்கா, மாத்திரை அட்டையைப் பாருங்கள். பெயர் 'ப்ரில்' என்றோ, டெல்மிசார்டன் மாதிரி 'சார்டன்' என்றோ முடிந்தால், அல்லது ஸ்பைரோனோலாக்டோன் இருந்தால், கிரியேட்டினின், பொட்டாசியம் பார்த்து டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அத்தைக்கு நிறுத்தச் சொன்னது உப்பைத்தான்.

கிட்னி நல்லா இருந்து இந்த மாத்திரைகளும் இல்லையென்றால் நல்ல உப்பு, அஞ்சுக்கு நாலு கொடுக்கலாம். நான் ஒன்றுதான் கொடுப்பேன். ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சமைக்கும் வீட்டில் இரண்டு உப்பு ஜாடி வைத்துக் காவல் காக்க என்னால் ஆகாது. இப்போது சாதா உப்புதான், கொஞ்சமாக.